பொங்கல் வாழ்த்துக்குப் பதில்

தம்பி, வாழ்த்துக்கு ரொம்ப நன்றிங்க. உங்களுக்கும் அம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

முந்தாநாளே அனுப்பியிருக்கிறீர்கள், இன்றைக்குத்தான் பதில் போடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று ஊரில் பட்டிப் பொங்கல். சாணியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் ஊற்றி, மாட்டை மிதிக்க விட்டால் கன்றுக்குட்டி மட்டும் கரையிலேயே நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிறது, அதைத் தள்ளி, எல்லோரும் "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று கத்தி முடிக்கும்போது இருட்டிவிட்டது. போனை எங்கே வைத்தேன் என்பதே ஞாபகமில்லை.

உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. கரும்பு, பானைப் படத்தைப் பார்த்து யாரோ வியாபாரி என்றுதான் நினைத்தேன். அப்புறம் முகப்புப் படத்தில் அந்த மயிலைக் காளை. அட, நம்ம சிவகிரி ஐயா மகன்! உங்கள் ஐயன் எங்கள் மஞ்சள் மண்டிக்கு வந்தால் மாதிரியை மேல்துண்டில் முடிந்துகொண்டு வருவார், கணக்கு மேசையில் அவிழ்த்து, ஒரு விரலி மஞ்சளை ஒடித்து, உள்நிறத்தை என் மூக்குக்கு நேராகக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். மஞ்சளின் விலை எனக்குத் தெரியாது, நான் வெறும் கணக்குப்பிள்ளை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்டதில்லை.

இந்த வருஷம் காட்டை நீங்களே பார்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சும்மா வாழ்த்துச் சொல்லத்தான் அனுப்பினீர்கள் என்றால் அதுவே சந்தோஷம். வேறு எதையோ கேட்க நினைத்து, நல்ல நாளில் எதற்கு என்று வாழ்த்தோடு விட்டிருந்தால், கேட்டுவிடுங்கள். வெட்டுக்கு ஆள், வேகவைக்க மெஷின், சாக்கு, வண்டி, எதுவாக இருந்தாலும் சரி. என்னால் ஆகாவிட்டால் ஆகாது என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன். பணம் விஷயம் மட்டும் முதலாளியிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மண்டிக்குத்தான் கொண்டு வர வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லைங்க. பெருந்துறையில் நல்ல விலை போனால் அங்கேயே போடுங்கள். விரலியையும் கிழங்கையும் மட்டும் தனித்தனியாகப் பிரித்து வேகவையுங்கள். கிழங்கு வேக நேரம் பிடிக்கும், சேர்த்துப் போட்டால் விரலி குழைந்துவிடும், முதல் வருஷம் பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பகலில் ஏலச் சத்தத்தில் போன் கேட்காது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் இதிலேயே வாய்ஸ் போட்டு விடுங்கள். அவசரம் ஒன்றுமில்லை, மாசியில் கூப்பிட்டாலும் இதே நம்பர்தான்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அந்தக் காளை இன்னும் பட்டியில்தானே இருக்கிறது?