சந்தா ஊதியப் பதிவைத் திருத்தக் கோரும் விண்ணப்பம்

நாள்: 22.09.2025

அனுப்புநர்:
க. செந்தாமரை
பணியாளர் எண் 2147, கிடங்குப் பிரிவு

பெறுநர்:
பொறுப்பு அலுவலர், சம்பளப் பட்டியல் அலுவலகம்

பொருள்: 2025 ஏப்ரல் முதல் ஜூலை வரை வைப்பு நிதிச் சந்தாவுக்கான ஊதியம் குறைத்துப் பதிவாகியிருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

வணக்கம். ஊதிய உயர்வு ஆணையின்படி, 01.04.2025 முதல் என் சந்தா ஊதியம் 22,000-லிருந்து 26,400 ஆக உயர்ந்தது. புதிய ஊதியத்தில் 12 சதவீதமான 3,168-ஐ ஏப்ரல் முதல் மாதந்தோறும் பிடித்தம் செய்திருக்கிறீர்கள். அதில் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் கடந்த வாரம் வைப்பு நிதிக் கணக்கு விவரத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது திடுக்கிட்டேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதங்களுக்கும் பழைய ஊதியமான 22,000-தான் பதிவாகியிருக்கிறது. என் பங்காக வரவானது 2,640 மட்டுமே. ஜூலையில் 26,400 என்பது 24,600 என்று இலக்கம் இடம் மாறி ஏறியிருக்கிறது, வரவு 2,952. ஆகஸ்ட் பதிவு சரியாக உள்ளது. ஆக, என்னிடம் பிடித்தும் கணக்கில் சேராத தொகை, மூன்று மாதங்களுக்கு 528 வீதம் 1,584-உம் ஜூலைக்கு 216-உம் சேர்த்து 1,800. நிறுவனத்தின் பங்கிலும் இதே அளவு குறைகிறது.

தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நான் 2026 நவம்பரில் ஓய்வு பெறுகிறேன். நமது திட்டத்தில் ஓய்வூதியம், பணியின் இறுதி மாதங்களின் சராசரி ஊதியத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இந்த நான்கு மாதங்களும் அந்தக் கணக்கில் வருபவை. இப்போது திருத்தாவிட்டால் ஒவ்வொரு மாத ஓய்வூதியத்திலும் அந்தக் குறை தொடரும்.

எனவே, நான்கு மாதங்களுக்கும் திருத்திய ஊதிய விவரத்தை நிதி அலுவலகத்தில் தாக்கல் செய்து, இரு பங்குகளிலும் விடுபட்ட தொகையைத் தாமதத்துக்குரிய வட்டியுடன் செலுத்துமாறு வேண்டுகிறேன். என் பங்கு ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால், அதை மறுபடியும் என் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம் என்பதைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். தாக்கல் செய்ததற்கான ஒப்புகையின் நகலும் எனக்கு வேண்டும். அக்டோபர் 10-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

அதே ஆணையில் எங்கள் பிரிவில் மேலும் ஆறு பேருக்கு ஊதியம் உயர்ந்தது. அவர்களுடைய பதிவுகளையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இருவர் இன்னும் தங்கள் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை.

இணைப்பு: ஊதிய உயர்வு ஆணை, ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையிலான சம்பளச் சீட்டுகள், வைப்பு நிதிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகல்கள். மூலப் படிகள் என்னிடம் உள்ளன; கேட்டால் நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செந்தாமரை