ஒரு வாரம் பொறு: பாடல் வீடியோவுக்கான காட்சித் திரைக்கதை

பாடல் நீளம்: 4 நிமிடம் 15 வினாடி
களம்: தூத்துக்குடி மாவட்டம், வேப்பலோடைப் பக்கத்து உப்பளம், ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காடு
காலம்: புரட்டாசி, உப்பு சீசனின் கடைசி வாரம்

பாட்டு என்ன சொல்கிறது?

மழையை வா என்று கூப்பிடும் பாட்டு நம்மிடம் ஆயிரம் இருக்கிறது. இது மழையிடம் தவணை கேட்கிற பாட்டு. செல்விக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கரிசல் காட்டில் பிறந்து உப்பள ஊருக்கு வாக்கப்பட்டவள். புருஷன் வீட்டுக்கு வெயில் வேண்டும். கடைசி வாருதல் உப்பு, குவித்து வைக்கிற தட்டுமேட்டுக்கு ஏறி, ஓலை மூடுகிற வரை மழை வரக்கூடாது. அப்பா வீட்டுக்கோ மழை வேண்டும். அவர் மழையை நம்பிப் புழுதியில் உளுந்து விதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே வானம், ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இரண்டு வேண்டுதல். செல்வி கேட்பது ஒரு வாரம்தான். அதுகூட அப்பாவுக்குத் துரோகமோ என்று அவளுக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தல்தான் பாட்டு. உப்பளத்தின் கஷ்டத்தைப் பட்டியல் போடுகிற ஆவணப்படமாக இதை எடுக்க வேண்டாம்.

படம் முழுவதும் ஒரு கட்டுப்பாடு: வானத்தை நேரடியாகக் காட்டக்கூடாது. உப்பளத்தில் பாத்தித் தண்ணீரில் தெரிகிற வானம் போதும். கரிசலில் அதுவும் கிடையாது, தரையில் ஓடும் மேக நிழல் மட்டும். கேமரா நிமிர்ந்து பார்ப்பது ஒரே ஒரு தடவை. அது எங்கே என்று கீழே வருகிறது.

தொடக்க இசை (0:00 – 0:25)

கருந்திரை. இசைக்கு முன்னால் சத்தம்: வாருபலகை உப்பை இழுக்கும் சரசரப்பு. அதே தாளத்தில்தான் பறை நுழைகிறது, ஆகவே இந்தச் சத்தத்தைக் களத்திலேயே தனியாகப் பதிவு செய்ய வேண்டும், ஸ்டூடியோவில் செய்தால் ஒட்டாது. இருட்டில் ஒரு டார்ச் வெளிச்சம். பிறகு நாலைந்து. வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் வெள்ளை தெரிகிறது. ஆட்களின் முகம் தெரிய வேண்டாம்.

பல்லவி (0:25 – 0:55)

ஒரு வாரம் பொறு மழையே
உப்பு மேடேறட்டும்
ஒரு வாரந்தான் பொறு மழையே
அதுக்குள்ள அப்பன் வெத தாங்கட்டும்

விடிகிற நேரம். செல்வி புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாள், தலையில் துண்டு. வாயசைப்பு கிடையாது. முதல் இரண்டு வரிக்கு அவள் பாத்தியைப் பார்க்கிறாள். தண்ணீரில் சாம்பல் நிற மேகம் ஒன்று நகர்கிறது. மூன்றாவது வரிக்கு அந்த மேகத்தின் மேல் வாருபலகையை வைத்து இழுக்கிறாள். மேகம் கலைந்து உடைகிறது. நாலாவது வரிக்குள் தண்ணீர் அடங்கி மேகம் திரும்பச் சேர்ந்துவிடுகிறது. இந்த ஷாட்டை வெட்டக்கூடாது, ஒரே ஓட்டமாக வேண்டும். காற்று எழும்புவதற்கு முன்னால், விடிந்த அரை மணிக்குள் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அளத்தில் காற்றும் ஏறும், அப்புறம் பிம்பம் நிற்காது.

சரணம் 1 (0:55 – 1:35)

நெலா எறங்கும் முன்ன
நான் எறங்கும் பாத்தி
காலு கேக்கும் கேள்விக்கு
கண்ணு சொல்லும் சேதி
வாரி வச்ச வெள்ள எல்லாம்
வட்டிக் கடன் பாதி

இங்கே அவசரப்பட வேண்டாம். முதல் இரண்டு வரிக்குக் கால்கள். அவள் ஒரு பழைய காலுறையை மாட்டி, கணுக்காலில் சைக்கிள் டியூப் துண்டால் கட்டுகிறாள். காலுறை ஏறுவதற்கு முன் குதிகால் வெடிப்பு ஒரு வினாடி தெரிய வேண்டும். ஒரு வினாடிக்கு மேல் போனால் இரக்கம் கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

‘கண்ணு சொல்லும் சேதி’: உச்சி வெயில். உப்புவெளி கண்ணைக் கூசுகிறது. செல்வியின் சுருங்கிய கண்களில் தண்ணீர். அழுகையா கூச்சமா என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது, நடிப்பவரும் முடிவு செய்ய வேண்டாம். ஒளிப்பதிவாளருக்கு: உப்பை வைத்து வெளிச்சத்தை அளந்தால் முகம் கறுத்துப்போகும். முகத்தை வைத்து அளந்து, உப்பு வெளுத்துப் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இந்த வரிக்கு அந்த வெளுப்பு வேண்டும்.

‘வாரி வச்ச வெள்ள எல்லாம்’ என்னும்போது பெண்கள் வரிசையாகச் சும்மாடு வைத்துப் பெட்டி சுமந்து தட்டுமேட்டுக்கு ஏறுகிறார்கள். தூரத்திலிருந்து ஒரு ஷாட். கடைசி வரிக்குக் கடன்காரர், வட்டி நோட்டு எதுவும் காட்ட வேண்டாம். செல்வி பெட்டியைக் கொட்டுகிறாள், குவியலின் பாதி சரிந்து அவள் காலடிக்கே வருகிறது. அவ்வளவுதான்.

இடையிசை (1:35 – 1:55)

பேருந்து ஜன்னல் வழியாக இடப்புறம் உப்புக் குவியல்கள், ஓலை மூடியவையும் மூடாதவையும். பிறகு உடைமரங்கள். பிறகு கறுப்பு மண். செல்வி பேருந்தில் இல்லை. பாட்டுதான் பயணம் போகிறது. வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறுவது இந்த இருபது வினாடிக்குள் முடிந்துவிட வேண்டும்.

சரணம் 2 (1:55 – 2:35)

புழுதியில போட்ட வெத
எறும்பு எண்ணிப் பாக்குது
கெழக்க ஒரு மின்னல் வெட்ட
அப்பன் மொகம் பூக்குது
அந்த மின்னல் எங்கூட்டு
அடுப்பத்தான் கேக்குது

கரிசல் வெடிப்பு ஒன்றின் ஓரத்தில் எறும்பு வரிசை, ஒவ்வொன்றின் வாயிலும் ஏதோ. கேமரா தரையோடு தரையாக. ஓர் எறும்பு உளுந்தின் தோலை இழுத்துக்கொண்டு வெடிப்புக்குள் இறங்குகிறது. இதற்குச் சர்க்கரை போட்டு எறும்பைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. அப்பா குனிந்து புழுதியைக் கிளறி ஒரு விதையை எடுக்கிறார். ஊதிப் பார்க்கிறார். திரும்ப அதே இடத்தில் வைத்து விரலால் மூடுகிறார். நடிக்க வருபவர் உள்ளூர் சம்சாரியாக இருந்தால் நல்லது. மண்ணைத் தொடுகிற விரலை ஒத்திகை பார்த்து வரவழைக்க முடியாது.

மாலை. திண்ணையில் அப்பா. மின்னலைக் காட்டுவதில்லை, அது அவர் முகத்தில் அடிக்கிற வெளிச்சம் மட்டும். முகம் மலர்கிறது. அதே வெளிச்சம் அடுத்த ஷாட்டில் செல்வியின் முகத்தில் அடிக்கிறது. அவள் அடுப்பு முன்னால் இருக்கிறாள், முகம் வாடுகிறது. ஒரே விளக்கு, ஒரே கோணம், ஒரே இடைவெளி. இரண்டு முகத்தையும் வேறு வேறு நாளில் எடுக்கப்போவதால் விளக்கின் உயரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளவும். பாட்டின் பொருள் முழுக்க இந்த வெட்டில்தான் இருக்கிறது. வேறு எங்கே சமரசம் செய்தாலும் இங்கே செய்ய வேண்டாம்.

‘அடுப்பத்தான் கேக்குது’: மாமியார் சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார். மழை மாதங்களில் வேலை கிடையாது. அரசு தருகிற 5,000 ரூபாய் நிவாரணம் எப்போது ஏறும் என்பதுதான் அவர் கணக்கு. இதை எழுத்தில் போட வேண்டாம். உப்பள வீடுகளில் பார்ப்பவருக்குப் புரியும், மற்றவர்களுக்கு அது கவலையாகத் தெரிந்தால் போதும்.

சரணம் 3 (2:35 – 3:10)

பொறந்த எடம் நனையணும்
புகுந்த எடம் காயணும்
ஒத்த வானம் ரெண்டு வீட்டுக்கு
எந்தப் பக்கம் சாயணும்
சாமிகிட்ட போயி நின்னா
எதக் கேட்டு ஓயணும்

ஊர்க் கோடியில் ஒரு சின்ன அம்மன் பீடம். செல்வி திருநீறு பூசிக் கைகூப்புகிறாள். பாட்டிலேயே வாயசைப்பு உள்ள ஒரே இடம் ‘எந்தப் பக்கம் சாயணும்’. இந்த வரியை மெதுவோட்டத்தில் காட்டப்போகிறோம். ஆகவே 50 பிரேமில் எடுக்க வேண்டும், பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு அதற்கு உதடு பொருந்த வேண்டும். நடிப்பவருக்கு இரட்டை வேகத் தடத்தை முன்கூட்டியே அனுப்பிப் பழகச் சொல்லவும். களத்தில் முதல் தடவை கேட்டால் சிரிப்புதான் வரும்.

கடைசி இரண்டு வரியில் கூப்பிய கை மெல்ல இறங்குகிறது. அவள் எதுவும் கேட்காமலே திரும்பி நடக்கிறாள்.

இசை நிற்கும் இடம் (3:10 – 3:35)

பாட்டு சுத்தமாக நிற்கிறது. முதல் துளி. தட்டுமேட்டில் மூடாத உப்பு, மிக அருகில். துளி விழுந்த இடத்தில் குண்டூசித் தலை அளவு குழி. பக்கத்தில் இன்னொன்று. குழிகள் சேர்ந்து வெள்ளை மங்கிக் கண்ணாடியாகிறது. செல்வியும் புருஷன் சுடலையும் ஓலையை இழுத்து மூட ஓடுகிறார்கள். செல்போன் அடிக்கிறது. தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து எடுக்கிறாள்.

அப்பா: அங்க பெய்யுதா தாயி?
செல்வி: இல்லப்பா. ஒண்ணுமில்ல. அங்க?

அப்பா நிற்கிற காடு. புழுதி. அவர் காதில் வைத்த போனிலிருந்து தார்ப்பாயில் மழை அடிக்கிற சத்தம் நமக்கும் கேட்கிறது. அவர் நிமிர்கிறார். கேமராவும் அவரோடு நிமிர்கிறது: வெறும் நீலம். படத்தில் வானம் வருவது இங்கே மட்டும்தான்.

அப்பா: இங்க நல்லாப் பெய்யுது.

புரட்டாசி மழை அப்படித்தான், ஓர் ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் மண் நனையாது. இரண்டு பொய்யும் சாதாரணக் குரலில் வர வேண்டும். தழுதழுப்பு வேண்டவே வேண்டாம்.

முடிவுப் பல்லவி (3:35 – 4:15)

வந்துட்டியா மழையே, சரி
வந்த வேலையப் பாரு
எங்கப்பன் காட்டுப் பக்கமும்
எட்டிப் போயிச் சேரு

பறை முழு வேகத்தில். ஓலை மூட ஊரே சேர்ந்து ஓடுகிற ஷாட்கள், கையில் பிடித்த கேமரா, வேகமான வெட்டு. சேறு, வழுக்கல், யாரோ விழுந்து சிரிப்பது எல்லாம் இருக்கட்டும். கடைசி வரிக்குச் செல்வி அப்பா ஊர் இருக்கும் திசையைப் பார்த்து, மாடு விரட்டுகிற மாதிரி மழையைக் கையால் ‘போ, போ’ என்று தள்ளுகிறாள். அந்தக் கையசைப்பிலேயே வெட்டி, பெயர்கள் ஓடட்டும்.

களத்துக்கு

உண்மையான குவியலின் மேல் தண்ணீர் அடிக்கக்கூடாது. அது ஒருவரின் கூலி. உப்பைக் காசு கொடுத்து வாங்கி, வேலை நிறுத்திய பாத்தியின் வரப்பில் தனிக் குவியல் போட்டு, டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து மழை எடுப்போம். பெட்டி சுமக்கும் பெண்களை வேலை நடுவில் நிறுத்தித் திரும்ப நடக்கச் சொல்ல வேண்டாம். திரும்ப வேண்டுமென்றால் அன்றைக்கு முழு நாள் கூலி கொடுத்துத் தனியாகக் கேட்போம். முக்காலியின் கால்களை ஒவ்வொரு இடைவேளையிலும் நல்ல தண்ணீரில் துடைக்கவும், இல்லாவிட்டால் மறுநாள் திருகு திரும்பாது.

எடுக்கிற நாளில் நிஜ மழை வந்தால் கேமராவை மூடி வைத்துவிட்டு எல்லாரும் முதலில் ஓலை மூடப் போக வேண்டும். உதவியாளர் ஒருவர் மட்டும் செல்போனில் பதிவு செய்யலாம். முடிவுப் பல்லவிக்கு அதுவே போதும்.