பொருள்: உதவி ஆசிரியர் பணி விண்ணப்பம் – தங்கள் மடலுக்கு நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சிறுவர் அறிவியல் இதழின் உதவி ஆசிரியர் பணிக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தாங்கள் நேற்று அனுப்பிய மடல் கிடைத்தது. முடிவைத் தாமதிக்காமல் தெரிவித்ததோடு, அதற்கான காரணத்தையும் வெளிப்படையாக எழுதியிருந்தீர்கள். மிக்க நன்றி. இந்த இதழில் சேர வேண்டும் என்று மிகவும் விரும்பியதால் வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மாதந்தோறும் குறித்த நாளில் இதழ் அச்சுக்குப் போயாக வேண்டும். எழுத்தைச் செம்மையாக்குவதோடு பக்க வடிவமைப்பும் செய்யத் தெரிந்தவர் உடனடியாகத் தேவைப்படுகிறார். அது எனக்கு நன்றாகவே புரிகிறது. தேர்வானவருக்கு என் வாழ்த்துகளைத் தெரிவியுங்கள்.

நேர்காணலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். செம்மையாக்கத் தந்த கட்டுரையில், பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு தேய்கிறது என்று ஒரு வரி இருந்தது. அதை நீக்கிவிட்டு, நிலவின் ஒரு பாதியில் வெயில் படுகிறது, அந்தப் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுவே பிறை என்று எழுதியிருந்தேன். பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே என்றும் சேர்த்திருந்தேன். தாங்கள் அதைப் படித்துவிட்டு, "சரி, இதைப் படிக்கும் பத்து வயதுக் குழந்தை அடுத்து என்ன கேட்கும்?" என்றீர்கள். அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏன் கிரகணம் வருவதில்லை என்றுதான் கேட்கும். நிலவு சுற்றும் தளம், பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான பௌர்ணமிகளில் நிலவு நம் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது. இதைப் படம் இல்லாமல், 'தளம்' என்ற சொல்கூட இல்லாமல் எப்படிச் சொல்வது என்று தாங்களும் பொறுப்பாசிரியரும் என்னோடு சேர்ந்து யோசித்தீர்கள். வேலை தேடி வந்த ஒருத்தியோடு அவ்வளவு பொறுமையாகப் பேச வேண்டிய கட்டாயம் உங்கள் இருவருக்கும் இல்லை. இப்போது எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். பொறுப்பாசிரியருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

இனி ஒரு வேண்டுகோள். ஆசிரியர் குழுவில் பின்னர் இடம் ஏற்பட்டால் என் விண்ணப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன். உதவி ஆசிரியர் பணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மெய்ப்புத் திருத்தம், வாசகர் கேள்வி பதில் பகுதி, ஆங்கிலத்திலிருந்து அறிவியல் கட்டுரைகளைத் தமிழாக்குவது என எதுவானாலும் மகிழ்ச்சியோடு செய்வேன். சிறப்பிதழ் வரும் மாதங்களில் மெய்ப்புப் பார்க்கக் கூடுதல் ஆள் தேவைப்படும் என்று பேச்சினூடே குறிப்பிட்டீர்கள். அப்போது பகுதிநேரமாக, வீட்டிலிருந்தே செய்து தர முடியும். ஓரிரு நாள் முன்னதாகச் சொன்னால் போதும்.

பக்க வடிவமைப்பு தெரியாதது ஒரு குறையாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனவே இன்டிசைன் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். தமிழ் யூனிகோடு எழுத்துருக்கள் சிதையாமல் பக்கம் அமைப்பதும் படங்களைச் சுற்றிப் பத்திகளை ஓடவிடுவதும் முதலில் கைவர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் நானே வடிவமைத்த சில பக்கங்களை அனுப்பிவைக்கலாமா? நிலவுக் கட்டுரையையே, நாம் பேசியவற்றைச் சேர்த்து முழுதாகத் திருத்தி எழுதி, அதற்குப் பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

என் தன்விவரக் குறிப்பைத் தங்கள் கோப்பிலேயே வைத்திருக்கலாம். அதிலுள்ள தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் மாறவில்லை. இப்போதுள்ள வேலையிலிருந்து விலக ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். பகுதிநேரப் பணிக்கு அந்தத் தடை இல்லை.

அடுத்த இதழ் வேலைகள் நடக்கும் நேரம் இது. இந்த மடலுக்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை. செம்மையாக்கத் தேர்வில் இன்னும் எங்கே கவனம் செலுத்தியிருக்க வேண்டும் என்று நேரம் கிடைக்கும்போது ஓரிரு வரி எழுதினால் எனக்குப் பெரிதும் உதவும்.

நன்றியுடன்,
தேன்மொழி