எஸ்டிபி புதுப்பிப்புக் குழு: பணி வரம்பு (வரைவு 2)

செயலாளர் சார்,

ஜூன் 8 பொதுக்குழுவில் காட்டிய பிபிடியில் வேலையின் எல்லையைச் சொல்லும் 4, 5, 6-ஆம் ஸ்லைடுகளையும், யார் யாருக்குக் கீழ் என்று காட்டும் 12, 13-ஆம் ஸ்லைடுகளையும் வைத்து இதை எழுதியிருக்கிறேன். மற்றவற்றை வேலையின் அளவையும் தொகையையும் சரிபார்க்க மட்டும் பார்த்துக்கொண்டேன். நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டால் இதுவே இறுதி. அதற்கு முன் மூன்று விஷயங்களை நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

ஒன்று, 12-ஆம் ஸ்லைடில் நம் குழு ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. மேலே நிர்வாகக் குழு, கீழே ஒப்பந்ததாரர், இரண்டு பக்கமும் அம்புக்குறி. கட்டத்துக்குள் எழுதியிருப்பது ‘மேற்பார்வை’ என்ற ஒரே சொல். பில்லில் கையெழுத்துப் போடுவதும் மேற்பார்வைதான், சும்மா நின்று பார்ப்பதும் மேற்பார்வைதான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, முடிவு செய்வது, பரிந்துரைப்பது, தெரிந்துகொள்வது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன்.

இரண்டு, யாருக்கு எந்தப் பொறுப்பு என்று காட்டும் 13-ஆம் ஸ்லைடின் ரேசி அட்டவணை. ‘கூடுதல் வேலைக்கு ஒப்புதல்’ என்ற வரிசையில் பொருளாளருக்கும் ‘ஏ’, ஒருங்கிணைப்பாளருக்கும் ‘ஏ’. ‘ஏ’ என்றால் இறுதிப் பொறுப்பு, அது ஒருவருக்குத்தான் இருக்க முடியும். இப்படியே விட்டால் முதல் கூடுதல் பில்லிலேயே இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். பிரிவு 4-இல் தொகையை வைத்துத் தீர்த்திருக்கிறேன்.

மூன்று, பணம். 9-ஆம் ஸ்லைடில் 48 லட்சம் என்று இருக்கிறது, ஜிஎஸ்டி பற்றிப் பேச்சே இல்லை. 18 சதவீதம் சேர்த்தால் இன்னும் 8.64 லட்சம், மொத்தம் 56.64 லட்சம். பொதுக்குழு கை தூக்கியது 48-க்குத்தான். அதனால் உச்சவரம்பை வரி உட்பட 48 என்றே எழுதிவிட்டேன். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் கூடுதல் தொகையைப் பொதுக்குழுவிடம் கேட்டு வாங்குவதுதான் முறை, நாமாகச் சேர்த்துக்கொள்வது இல்லை.

சி பிளாக் பிரதிநிதி

---

1. குழுவும் நோக்கமும்

நம் வளாகத்தின் 312 வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையமான எஸ்டிபியைப் புதுப்பிக்கும் வேலையை நடத்தித் தருவதற்காக இந்தக் குழு அமைக்கப்படுகிறது. இது நிர்வாகக் குழுவின் துணைக் குழு. சங்கத்தின் பெயரில் ஒப்பந்தம் போடவோ வங்கிக் கணக்கை இயக்கவோ இதற்கு அதிகாரம் இல்லை. பிபிடிக்கும் இந்த ஆவணத்துக்கும் முரண்பாடு வந்தால் இதில் உள்ளதே செல்லும்.

2. குழுவின் கையில் இருக்கும் வேலை

தற்போதைய ஏரேஷன் டேங்கை எம்பிபிஆர் முறைக்கு மாற்றுவது, இரண்டு ப்ளோயர்களையும் மாற்றுவது, சேண்ட் ஃபில்டரையும் கார்பன் ஃபில்டரையும் புதுப்பிப்பது, குளோரின் செலுத்தும் பம்ப், மின் பலகை, ஸ்லட்ஜ் பிழியும் ஃபில்டர் பிரஸ், கலெக்ஷன் டேங்கின் சுவர்ப் பழுது ஆகியவை. சுத்திகரித்த நீரை ஃப்ளஷ் டேங்க்குகளுக்கு ஏற்றும் பிரதான குழாயும் அதன் பம்பும் இதில் சேரும்.

நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 150 கிலோலிட்டர் என்பதில் மாற்றம் இல்லை. வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவுநீர் என்று வைத்தால் 312 வீடுகளுக்கும் சுமார் 135 கிலோலிட்டர்தான் வருகிறது. 5-ஆம் ஸ்லைடின் ஓரத்தில் இருக்கும் 180 என்ற எண் ஒப்பந்ததாரர் ஒருவரின் விளம்பரத் தாளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. அதைக் குழு கணக்கில் எடுக்காது. கொள்ளளவைக் கூட்டும் எந்த யோசனையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை மறுபடி பெற வேண்டிய விஷயம் என்பதால் அது நேராக நிர்வாகக் குழுவுக்குப் போகும்.

3. குழு தொடாதவை

வீடுகளுக்குள் இருக்கும் குழாய், ஃப்ளஷ் டேங்க், கழிவறைப் பொருத்தி எதுவும் இதில் வராது. ‘டூயல் பிளம்பிங்’ என்று 5-ஆம் ஸ்லைடு உள்ளே சேர்க்கிறது, ‘வீட்டுக் குழாய் வேலை’ என்று 6-ஆம் ஸ்லைடு வெளியே தள்ளுகிறது. இரண்டும் ஒரே குழாயைப் பற்றித்தான். எனவே எல்லை இதுதான்: ஒவ்வொரு மாடியிலும் ஷாஃப்ட்டுக்குள் இருக்கும் வால்வு வரை சங்கத்தின் பொறுப்பு, வால்வுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் பொறுப்பு. வால்வே கசிந்தால் அது சங்கத்தின் கணக்கு.

மழைநீர் வடிகால், போர்வெல், தோட்டத்துச் சொட்டுநீர் ஆகியவையும் இந்தக் குழுவின் வேலை அல்ல.

4. அதிகாரம்

குழு தானே முடிவு செய்யக் கூடியவை: வேலையின் அன்றாட வரிசை, வேலை நேரம், பொருட்களின் மாதிரிக்கு ஒப்புதல், வேலையை நிறுத்தி வைப்பது. கூடுதல் வேலை என்றால் ஒரு தடவைக்கு 50,000 ரூபாய் வரை, மொத்தமாக 2 லட்சம் வரை குழு ஒப்புதல் தரலாம். இந்தத் தொகைகளும் வரி உட்பட்டவை, 48 லட்சத்துக்குள் அடங்குபவை. இந்த ஒப்புதலுக்கு இறுதிப் பொறுப்பு ஒருங்கிணைப்பாளர். பில்லைச் சரிபார்த்துப் பணம் விடுவிப்பதற்கு இறுதிப் பொறுப்பு பொருளாளர். கூடுதல் வேலையை வாய்மொழியாகச் சொல்லி ஆரம்பித்தால் அதற்குப் பணம் கிடையாது. ஒப்பந்தத்திலும் இந்த வரி அப்படியே வர வேண்டும்.

குழு பரிந்துரை மட்டும் செய்யக் கூடியவை: ஒப்பந்ததாரர் தேர்வு, மேற்சொன்ன வரம்பைத் தாண்டிய கூடுதல் வேலை, கால நீட்டிப்பு, தாமதத்துக்கான அபராதம். இவற்றில் முடிவெடுப்பது நிர்வாகக் குழு. பரிந்துரை கிடைத்து 10 நாட்களுக்குள் அது எழுத்தில் பதில் தர வேண்டும்.

கார்பஸ் நிதியிலிருந்து வரி உட்பட 48 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய் தேவைப்பட்டாலும் அது பொதுக்குழுவின் முடிவு.

5. உறுப்பினர்கள்

ஏழு பேர். ஒருங்கிணைப்பாளர், சங்கத்தின் பொருளாளர், நான்கு பிளாக்குக்கும் ஒருவர் வீதம் நால்வர், தண்ணீர் அல்லது கழிவுநீர் வேலையில் அனுபவமுள்ள குடியிருப்பாளர் ஒருவர். வளாக மேலாளர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார், ஓட்டு கிடையாது. எஸ்டிபியை இயக்கும் ஆபரேட்டர் மாதத்தில் ஒரு கூட்டத்துக்காவது அழைக்கப்பட வேண்டும். பிபிடியின் எந்தக் கட்டத்திலும் அவர் இல்லை. எந்த ப்ளோயர் எப்போது முனகும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

உறுப்பினருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஏலம் கேட்கும் நிறுவனத்துடனோ பொருள் தரும் கடையுடனோ தொடர்பு இருந்தால் அதை முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். அந்த விஷயம் பேசப்படும்போது அவர் அறையில் இருக்கக் கூடாது. பின்னால் தெரியவந்தால் உறுப்பினர் பதவி தானாக முடிந்துவிடும்.

தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரின் இடத்தை அவர் பிளாக்கே நிரப்பலாம்.

6. கூட்டம்

வேலை தொடங்கும் வரை 15 நாட்களுக்கு ஒருமுறை, தொடங்கிய பிறகு வாரம் ஒருமுறை சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, கிளப் ஹவுஸில். குறைந்தது நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதில் ஒருங்கிணைப்பாளரோ பொருளாளரோ ஒருவர் கட்டாயம். ஓட்டு சமமானால் ஒருங்கிணைப்பாளருக்குக் கூடுதல் ஓட்டு இல்லை, விஷயம் நிர்வாகக் குழுவுக்குப் போகும்.

வாட்ஸ்அப்பில் போட்ட ‘ஓகே’ முடிவாகக் கருதப்படாது. அவசரம் என்றால் மின்னஞ்சலில் நான்கு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். கூட்டக் குறிப்பு 48 மணி நேரத்துக்குள் எல்லா பிளாக் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும்.

7. பாதுகாப்பு

இதற்குப் பிபிடியில் தனி ஸ்லைடு இல்லை. 6-ஆம் ஸ்லைடின் அடியில் ‘பாதுகாப்பு ஒப்பந்ததாரர் பொறுப்பு’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நான் அதை ஏற்கவில்லை.

எந்த டேங்குக்குள்ளும், எந்தக் காரணத்துக்காகவும், மனிதரை இறக்கிக் கழிவு அள்ளக் கூடாது. பம்ப், லாரி, உறிஞ்சு குழாய் மட்டுமே. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான முறையில் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்யவைப்பதைக் குற்றமாக்குகிறது. சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஒப்பந்தத்தில் எப்படி எழுதினாலும் இந்தப் பொறுப்பிலிருந்து சங்கம் கை கழுவிவிட முடியாது என்று எடுத்துக்கொண்டுதான் குழு வேலை செய்யும்.

காலி செய்து, கழுவி, காற்றோட்டம் தந்த டேங்குக்குள் சுவர்ப் பழுதுக்காக ஆள் இறங்க வேண்டியிருந்தால், வாயு அளவைக் கருவியில் பார்த்து எழுதிய அனுமதிச் சீட்டு வேண்டும், மேலே ஒருவர் கயிறுடன் நிற்க வேண்டும். ‘நாற்றமே இல்லை, இறங்கலாம்’ என்பது அனுமதி ஆகாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும், அதிகமானால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆள் இறங்கினால் எந்த உறுப்பினரும், வளாக மேலாளரும், ஆபரேட்டரும் அங்கேயே வேலையை நிறுத்தலாம். அதற்காக யாரிடமும் விளக்கம் கேட்கப்படாது.

8. நிலையம் நிற்கும் நாட்கள்

ஒரே மூச்சில் 48 மணி நேரத்துக்கு மேல் நிலையத்தை நிறுத்த வேண்டுமானால் குழுவின் எழுத்து அனுமதி தேவை. அந்த நாட்களில் கழிவுநீர் லாரியில்தான் போக வேண்டும், மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டும் விடக் கூடாது. லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டியது என்ற ரசீது இல்லாத ட்ரிப்புக்குப் பணம் கிடையாது. குடியிருப்பாளர்களுக்கு மூன்று நாள் முன்பே அறிவிப்பு.

9. வேலை முடிந்தது என்று எப்போது சொல்வது

மெஷின் ஓடுவது போதாது, தண்ணீர் தேற வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம், என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் பரிசோதனையில் நீரின் தரத்தைக் காட்டும் பிஓடி, சிஓடி, டிஎஸ்எஸ், பிஎச் நான்கும் வாரியத்தின் இசைவாணையில் உள்ள அளவுக்குள் இருக்க வேண்டும். மாதிரியை எடுப்பது ஆய்வக ஆள், ஒப்பந்ததாரர் அல்ல. காலை 7-லிருந்து 9-க்குள், எல்லா வீட்டிலும் குளியல் நடக்கும் நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல் எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தைக் குழு அதுவரை பிடித்து வைக்கும். ஒரு மாதம் தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

10. அறிக்கை

மாதம் ஒரு பக்கம், நிர்வாகக் குழுவுக்கு. அதில் நான்கு எண்கள் கட்டாயம்: இதுவரை செலவு, ஒப்புக்கொண்ட கூடுதல் வேலையின் தொகை, தாமதமான நாட்கள், கடைசிப் பரிசோதனை முடிவு. ‘வேலை திருப்திகரமாக நடக்கிறது’ போன்ற வாக்கியம் வேண்டாம்.

11. காலமும் மாற்றமும்

குழுவின் ஆயுள் அமைக்கப்பட்ட நாளிலிருந்து 10 மாதம். நிர்வாகக் குழு ஒருமுறை மட்டும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்த வரம்பின் 4, 7, 9-ஆம் பிரிவுகளை மாற்றப் பொதுக்குழு வேண்டும், மற்றவற்றை நிர்வாகக் குழு மாற்றலாம்.

கலையும் முன் குழு கையளிக்க வேண்டியவை: வரைபடங்கள், வாரண்டி அட்டைகள், எல்லாப் பரிசோதனை முடிவுகள், லாரி ரசீதுகள், கூட்டக் குறிப்புகள், மின் பலகையின் இரண்டு சாவிகள். வளாக மேலாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட நாள்தான் குழு கலைந்த நாள்.