உயர் ரத்த அழுத்தம்: நான்கு நெறிமுறைகளின் ஒப்பீட்டு அட்டவணை
(ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கான மாவட்டக் கருத்தரங்குக் கைத்தாள்)

62 வயதுப் பெண் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ இல்லை. புறநோயாளிப் பிரிவில் இரண்டு வருகைகளிலும் ரத்த அழுத்தம் 136/84. இவருக்கு இன்றே மாத்திரை எழுதலாமா என்ற ஒரே கேள்வியை நான்கு நெறிமுறைகளிடமும் கேட்டால் விடை ஒன்றாக வருவதில்லை. நான்கு ஆவணங்களையும் ஒரே பக்கத்துக்குள் கொண்டுவரும் வேலையை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கினோம். எண்கள் அனைத்தும் மி.மீ. பாதரசத்தில், மருத்துவமனையில் எடுத்த அளவீட்டைக் குறிக்கின்றன.

| | அமெரிக்கா (ஏஹெச்ஏ/ஏசிசி, 2025) | ஐரோப்பா (இஎஸ்சி, 2024) | பிரிட்டன் (நைஸ், 2019) | உலக சுகாதார நிறுவனம் (2021) |
|---|---|---|---|---|
| நோய் எனக் கொள்ளும் அளவு | 130/80 | 140/90. 120–139/70–89 'உயர்ந்த அழுத்தம்' | 140/90, வீட்டு அல்லது பகல்நேர சராசரி 135/85 | 140/90 |
| மருந்து தொடங்கும் அளவு | எல்லோருக்கும் 140/90. இதய நோய், சர்க்கரை, சிறுநீரக நோய் அல்லது கூடுதல் ஆபத்து இருப்பின் 130/80. மற்றவர்க்கு 130/80, 3–6 மாத வாழ்க்கைமுறை மாற்றத்துக்குப் பின் | எல்லோருக்கும் 140/90. ஆபத்து மிகுந்தோருக்கு 130/80, 3 மாத வாழ்க்கைமுறை மாற்றத்துக்குப் பின் | 160/100 எனில் எல்லோருக்கும். அதற்குக் கீழே, 80 வயதுக்கு உட்பட்டோரில் உறுப்புப் பாதிப்பு, இதய அல்லது சிறுநீரக நோய், சர்க்கரை, 10 ஆண்டு ஆபத்து 10% இருப்பின் | 140/90. இதய நோய், சர்க்கரை, சிறுநீரக நோய், மிகுந்த ஆபத்து இருப்பின் சிஸ்டாலிக் 130 |
| இலக்கு | 130/80-க்குக் கீழ் | சிஸ்டாலிக் 120–129, தாங்கினால் | 140/90-க்குக் கீழ். 80 வயது கடந்தோருக்கு 150/90-க்குக் கீழ் | 140/90-க்குக் கீழ். இதய நோய், சர்க்கரை, சிறுநீரக நோய், மிகுந்த ஆபத்து எனில் சிஸ்டாலிக் 130-க்குக் கீழ் |
| தொடக்க மருந்து | 140/90-லிருந்து இரண்டு மருந்து, முடிந்தால் ஒரே மாத்திரையில் | பெரும்பாலோர்க்கு இரண்டு, ஒரே மாத்திரையில். 85 வயது கடந்தோர், தளர்ந்தோருக்கு ஒன்று | ஒன்று. வயது, இனப் பின்னணி, சர்க்கரை நோயைப் பொறுத்து | இரண்டு, ஒரே மாத்திரையில் இருப்பின் நல்லது |

நோய் எனப் பெயரிடும் எல்லையும் மருந்து தொடங்கும் எல்லையும் வேறுவேறு என்பதால் அவற்றைத் தனித்தனி வரிசையாக வைத்தோம். முதல் வரைவில் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதியிருந்தோம்; அதைப் படித்த உடன் பணியாற்றும் மருத்துவர் ஒருவர், 130/80 வந்த எல்லோருக்கும் அமெரிக்காவில் அன்றே மாத்திரை தருகிறார்கள் என்றே புரிந்துகொண்டார். அதே வரைவில் ஐரோப்பிய இலக்கை '130-க்குக் கீழ்' என்று சுருக்கியதும் எங்கள் பிழை. 120–129 என்ற இடைவெளிக்கு ஒரு கீழ்வரம்பு உண்டு. 'தாங்கினால்' என்ற நிபந்தனையும் உண்டு. எழுந்து நின்றால் தலைசுற்றும் முதியவரிடம் அந்த நிபந்தனைதான் முடிவை மாற்றுகிறது.

மேலே சொன்ன பெண்ணுக்கு அட்டவணையைப் பொருத்திப் பார்ப்போம். அமெரிக்க நெறிமுறையின்படி மருந்தை இப்போதே தொடங்கலாம். ஐரோப்பிய நெறிமுறை மூன்று மாத வாழ்க்கைமுறை மாற்றத்துக்குப் பிறகும் 130/80-க்குக் கீழே இறங்காவிட்டால் தொடங்கச் சொல்கிறது. பிரிட்டன் நெறிமுறையில் இவருக்கு உயர் ரத்த அழுத்தமே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அளந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் தொடங்கலாம் என்கிறது, ஆனால் அது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரை. சிஸ்டாலிக் 130-லிருந்து தொடங்குவதில் இதய நோய் இருப்போருக்கான பரிந்துரை மட்டுமே உறுதியானது. கட்டத்துக்குள் இந்த வேறுபாட்டை அடக்க இடமில்லாததால் இங்கே எழுதுகிறோம். உரையில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அளவீட்டு முறையைத் தனி வரிசையாக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு. 2015-இல் வெளியான ஸ்பிரிண்ட் ஆய்வு, சிஸ்டாலிக் 120-க்குக் கீழ் என்ற இலக்கை 140-க்குக் கீழ் என்பதோடு ஒப்பிட்டது. அதில் நோயாளியை அமைதியாக உட்காரவைத்துத் தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளை ஆய்வில் சேர்க்கவில்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் நடந்து வந்தவுடன் ஒரே முறை அளந்த எண்ணை அந்த இலக்கோடு நேராக வைத்து ஒப்பிட்டால், தேவைக்கு மேல் மருந்து கொடுக்க நேரும். எனவே அட்டவணையைத் திரையில் காட்டும்முன் அளவீடு பற்றி இரண்டு நிமிடமாவது பேச வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

முதல் வரிசை மருந்துகளில் பெரிய முரண் இல்லை. தயசைடு வகை, நீண்டநேரம் செயல்படும் கால்சியம் வழி அடைப்பான், ஏசிஇ தடுப்பி அல்லது ஏஆர்பி ஆகியவை நான்கிலும் இடம்பெறுகின்றன. 55 வயதுக்குக் கீழே ஏசிஇ தடுப்பி அல்லது ஏஆர்பி, அதற்கு மேல் கால்சியம் வழி அடைப்பான் என்று பிரிப்பது பிரிட்டன் மட்டுமே. சர்க்கரை நோய் இருந்தால் அங்கும் வயது பாராமல் ஏசிஇ தடுப்பி அல்லது ஏஆர்பி. கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டு வகையும் கூடாது என்பதால் அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது.

ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 நெறிமுறையையும் பன்னாட்டுச் சங்கத்தின் 2020 நெறிமுறையையும் சேர்த்தால் எழுத்துகள் பின்வரிசையில் இருப்போருக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடும் என்பதால் விட்டுவிட்டோம். கலந்துரையாடலில் யாராவது கேட்டால், 65–79 வயதினருக்கு ஐரோப்பியச் சங்கத்தின் நெறிமுறை முதலில் 140/80-க்குக் கீழ் என்ற இலக்கை வைத்து, தாங்கினால் 130/80-க்குக் கீழ் செல்லச் சொல்கிறது என்று பதில் தரலாம்.