ஏற்காடு பல்பர் கூடத் திட்டம்: யார் செய்வது, யார் ஒப்புவது, யாருக்குச் சொல்வது

மதிப்பிற்குரிய ஐயா,

காப்பிப் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரத்துக்கான கூடம் பற்றி நீங்கள் அனுப்பிய 14 ஸ்லைடுகளையும், அடியில் இருந்த பேச்சாளர் குறிப்புகளையும் படித்து இந்த அட்டவணையை எடுத்திருக்கிறேன். ஸ்லைடில் எழுதியிருப்பது அப்படியே இருக்கிறது. நானாக ஊகித்த இடங்களில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். எங்கும் சொல்லப்படாததை 'இல்லை' என்றே விட்டுவிட்டேன்.

| வேலை | செய்பவர் | ஒப்புதல் தருபவர் | தகவல் பெறுபவர் | ஸ்லைடு |
|---|---|---|---|---|
| இட அளவீடு, வரைபடம் | பொறியாளர் | உரிமையாளர் அம்மா | தோட்ட மேலாளர் | 5 |
| மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு விண்ணப்பம் | ஆலோசகர் | உரிமையாளர் அம்மா* | தோட்ட மேலாளர், கணக்கர் | 6 |
| ஊறல் தொட்டி, உலர்களம் கட்டுதல் | கட்டட ஒப்பந்ததாரர் | முரண் (கீழே பார்க்க) | உரிமையாளர் அம்மா | 7, 11 |
| கழிவுநீர்த் தொட்டி | கட்டட ஒப்பந்ததாரர் | இல்லை | இல்லை | 7 |
| பல்பர் கொள்முதல் | கணக்கர் | உரிமையாளர் அம்மா* | தோட்ட மேலாளர் | 8, 12 |
| பல்பரை மலைக்குக் கொண்டுவருதல் | இல்லை | தோட்ட மேலாளர் | கணக்கர் | 9 |
| மும்முனை மின் இணைப்பு | மின் ஒப்பந்ததாரர் | பொறியாளர் | தோட்ட மேலாளர் | 9 |
| சோதனை ஓட்டம் | பொறியாளர் | தோட்ட மேலாளர் | 'அனைவரும்' | 10, 13 |

முதலில் அந்த முரண். ஊறல் தொட்டியும் களமும் முடிந்ததும் பொறியாளர் சரிபார்த்து ஒப்புவார் என்கிறது 7ஆம் ஸ்லைடு. அதே வேலைக்கு ஒப்புதல் தோட்ட மேலாளருடையது என்கிறது 11. இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எழுதியிருக்கலாம், அட்டவணையும் நிறைந்திருக்கும். ஆனால் களத்தில் தண்ணீர் தேங்கினால் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். 7இல் இருப்பது வாட்டத்தையும் கான்கிரீட்டையும் பார்க்கும் சோதனை, 11இல் இருப்பது ஒப்பந்ததாரருக்குப் பணம் விடுவிக்கும் கையெழுத்து என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படியானால் இதை இரண்டு வரிசையாகப் பிரித்துவிடலாம். நீங்கள் சொல்லும்வரை பிரிக்கவில்லை.

ஸ்லைடுகளில் எட்டு இடங்களில் 'ஒப்புதல் பெறப்படும்' என்று இருக்கிறது. யார் பெறுவார், யார் தருவார் என்று அந்த வரிகளில் இல்லை. தயாரித்தவர் மேல் குறையில்லை. ஸ்லைடில் எழுதும்போது எல்லோருக்கும் இந்தத் தமிழ்தான் வருகிறது. இசைவு விண்ணப்பத்துக்கு இந்த வரி இரண்டு முறை வருகிறது. ஒன்று வாரியம் தர வேண்டிய இசைவு, மற்றொன்று விண்ணப்பத்தை அனுப்பும் முன் நம் பக்கம் விழ வேண்டிய கையெழுத்து. அட்டவணையில் நம் பக்கத்தை மட்டுமே வைத்தேன். வாரியம் நம் குழுவில் ஒருவர் அல்ல. அது காத்திருக்க வேண்டிய நாள்கணக்கு, கால அட்டவணைக்குப் போக வேண்டியது.

நட்சத்திரம் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட எந்தச் செலவுக்கும் அம்மாவின் கையெழுத்து வேண்டும் என்று 12ஆம் ஸ்லைடின் அடிக்குறிப்பு சொல்கிறது. பல்பரும், கட்டணத்தோடு ஆலோசகர் ஊதியமும் அந்த வரம்பைத் தாண்டுகின்றன.

கால அட்டவணை ஸ்லைடில் வண்ணம்தான் ஆளைக் காட்டுகிறது. மின் ஒப்பந்ததாரருக்கும் கட்டட ஒப்பந்ததாரருக்கும் கொடுத்திருக்கும் இரண்டு பச்சைகள் அச்சில் ஒன்றாகவே தெரிகின்றன. கணினியில் திறந்து, நிற எண்ணைப் பார்த்துப் பிரித்தேன். கழிவுநீர்த் தொட்டி கட்டடக்காரருடையது என்று அப்படித்தான் தெரிந்தது.

இனி 'அனைவரும்'. 3ஆம் ஸ்லைடின் குழுப் பட்டியலில் ஏழு பேர் இருக்கிறார்கள். தோட்ட மேஸ்திரி இல்லை. பழம் பறித்து வந்ததும் பல்பரின் முன்னால் நிற்கப் போகிறவர் அவர். ஊறல் எத்தனை மணி நேரம், எப்போது கழுவுவது என்பதெல்லாம் அவர் கைப்பக்குவம். சோதனை ஓட்டத்தன்று அவரை அழைக்காமல் விட்டால், நவம்பரில் பறிப்பு தொடங்கும்போது இயந்திரத்தை முதன்முறையாகப் பார்ப்பார். தகவல் பெறுபவராக மட்டும் அல்லாமல், செய்பவர் கட்டத்திலேயே பொறியாளருடன் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பல்பரைக் கொண்டுவருவது யார் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். விற்பவர் ஆலை வாசல்வரைதான் பொறுப்பு என்றால், மலைக்கு ஏற்றுவதும் காப்பீடும் நம் தலையில் விழும். கொள்முதல் ஆணையிலேயே இதை எழுதிவிட வேண்டும் என்பதால், கணக்கர் ஆணை அனுப்பும் முன் இந்தக் கட்டத்துக்கு ஆள் வேண்டும்.

ஆக, உங்கள் முடிவுக்குக் காத்திருப்பவை நான்கு: களத்தின் ஒப்புதல், கழிவுநீர்த் தொட்டியின் ஒப்புதலும் தகவலும், பல்பர் போக்குவரத்து, மேஸ்திரியின் இடம். திங்கட்கிழமை காலை நீங்கள் சேலம் அலுவலகத்துக்கு வரும்போது அச்சுப்படியோடு இருப்பேன். அதுவரை இதை ஒப்பந்ததாரர்களுக்கு அனுப்பவில்லை.

இப்படிக்கு,
திட்ட உதவியாளர், சேலம் அலுவலகம்