உங்கள் பழைய பைக்கைப் பற்றிக் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்

வணக்கம் சார்.

நீங்கள் வேளச்சேரியில் ஓட்டிக்கொண்டிருந்த கறுப்பு 150 சிசி பைக், 2016 மாடல், இப்போது என்னிடம் இருக்கிறது. மேடவாக்கத்தில் ஒரு கன்சல்டிங்கில் வாங்கினேன். வண்டியோடு வந்த பழைய இன்ஷூரன்ஸ் பேப்பரில் உங்கள் நம்பர் இருந்தது. ஆர்சி என் பேருக்கு மாறிவிட்டது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பணம், பஞ்சாயத்து என்று எதுவும் பேச வரவில்லை. வண்டி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, இன்னும் பல வருஷம் ஓட்ட ஆசை. இதுவரை அதற்கு என்னென்ன வேலை பார்த்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முக்கியமான பிரச்சினை இதுதான். காலையில் ஒரே கிக்கில் கிளம்பிவிடுகிறது. ஓஎம்ஆர் டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஊர்ந்து இன்ஜின் சூடானதும், சிக்னலில் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. எவ்வளவு உதைத்தாலும் அசைவதில்லை. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்தும் பார்த்தேன், பலனில்லை. கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தாயிற்று, பிளக்கும் புதுசு. அணைந்த கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பார்க்கே இல்லை. அதனால் கோளாறு பெட்ரோலில் இல்லை, கரண்டில்தான் என்று தெரிகிறது. பிக்கப் காயில், சிடிஐ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். உங்களிடம் இருந்தபோதும் இப்படி நின்றதா? அப்போது எதை மாற்றினீர்கள்? புதுப்பேட்டையில் வாங்கிய பழைய பார்ட் ஏதாவது போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், முதலில் அங்கேயே பார்க்கலாம்.

இன்னொன்று. சைடு பேனலைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த சேறு இருந்தது, வயரிங் கப்ளர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றதா சார்? எந்த அளவுக்கு, சைலன்சர் வரையா, சீட் வரையா? ஆயிலை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தார்களா, அப்படியேவா? நின்றிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். அந்த மழையில் நம் பக்கம் எத்தனையோ வண்டி மூழ்கியது, அதை ஒரு குறையாக நினைக்க மாட்டேன். தெரிந்தால் காயிலுக்குச் செலவு செய்யாமல் முதலில் வயரிங்கைப் பிரித்துப் பார்ப்பேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். இன்ஜினை எப்போதாவது பிரித்தீர்களா, பிஸ்டனும் டைமிங் செயினும் பழையதா? வலது ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது; சீல் முன்பு மாற்றியதா, இல்லை ராடே லேசாக வளைந்திருக்கிறதா? மீட்டர் 38,000 காட்டுகிறது, நடுவில் கேபிள் அறுந்து ஓடாமல் இருந்ததுண்டா?

டைப் அடிக்க நேரமில்லையென்றால் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். இல்லை, எப்போது கூப்பிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள், நானே பேசுகிறேன். நீங்கள் வழக்கமாக விட்ட மெக்கானிக்கின் நம்பர் இருந்தால் பெரிய உதவி. அப்புறம், இரண்டாவது சாவி வீட்டில் எங்காவது கிடந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

நன்றி சார்.